‘ஏதோ எழுதியிருக்கேன்’ என்னும் பொய்

பிளஸ் டூ இயற்பியல் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் அப்பா டிவிஎஸ் 50-யோடு நின்றுகொண்டிருந்தார். “எப்படிடா?” என்றார். “ஏதோ எழுதியிருக்கேன்பா” என்றேன். 2007-ம் வருஷம் அது. மனசுக்குள் 190 ஓடிக்கொண்டிருந்தது. 200-க்கு 190. அதை நாலால் வகுத்து, வேதியியலையும் நாலால் வகுத்து, கணக்கை ரெண்டால் வகுத்து, எந்தக் கல்லூரி கிடைக்கும் என்றுகூட முடிவுசெய்துவிட்டேன். ஆனால் வாய் சொன்னது ‘ஏதோ’.

மே மாதம் ரிசல்ட் வந்தது. இயற்பியலில் 168.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நான் சொன்னது ‘ஏதோ’தானே, அதற்கு 168 பொருத்தமாகத்தான் இருந்தது. நானும் ரெண்டே நாளில், “அந்த அஞ்சு மார்க் கேள்வி சொதப்பும்னு அப்பவே நினைச்சேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அது பச்சைப் பொய். நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. 190-க்கும் 168-க்கும் நடுவில் இருந்த 22 மார்க் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது. 190 என்று ஒன்று இருந்ததற்கு ஆதாரமே கிடையாது.

அந்த 22 மார்க்குதான் அந்த வருஷம் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெரிய பாடம் என்று இப்போது நினைக்கிறேன். 168 என்பது எனக்கு எவ்வளவு இயற்பியல் தெரியும் என்பதைச் சொல்கிறது. 22 என்பது எனக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரியாது என்பதைச் சொல்கிறது. முதல் எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். இரண்டாவது எண்ணை நானே அழித்துவிட்டேன், நம் ஊர் மரியாதை அதைத்தான் கேட்கிறது என்பதால்.

*

‘எவ்வளவு எதிர்பார்க்கிறே?’ என்ற கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். ‘எதிர்பார்ப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் ரெண்டு வேறு வேறு சரக்கை அடைத்து வைத்திருக்கிறோம். ஒன்று ஆசை: இவ்வளவு வந்தால் நன்றாக இருக்கும். இன்னொன்று கணிப்பு: இவ்வளவுதான் வரும். கேட்பவருக்கு எது வேண்டும் என்று அவருக்கே தெரியாது. சொல்பவருக்கும் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. அதனால் நடப்பது என்னவென்றால், நன்றாகப் படிக்கிற பிள்ளை கணிப்பைக் குறைத்து ‘ஏதோ’ என்கிறது. கூடுதலாகச் சொன்னால் கண்ணு பட்டுவிடும், வராவிட்டால் அவமானம். சுமாராகப் படிக்கிற பிள்ளை ஆசையைக் கணிப்பு மாதிரி சொல்கிறது, குறைத்துச் சொன்னால் வீட்டில் சோறு இறங்காது. ரெண்டு பேரும் பொய் சொல்கிறார்கள். ரெண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

இதற்கு மேல் தன்னம்பிக்கை வியாபாரம் வேறு. ‘வரும்னு நினை, வரும்.’ கோச்சிங் சென்டர் சுவரில் இது எழுதியிருக்கும். நம்பிக்கை என்பது படிக்க உட்காருவதற்கு வேண்டிய சாமான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதி முடித்து விடைத்தாளைக் கொடுத்துவிட்ட பிறகு, உள்ளே இருக்கிற மார்க் உங்கள் நம்பிக்கையைக் கேட்டு ஏறப்போவதில்லை. அது அங்கே முடிந்துபோன விஷயம். அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது கணிப்பு. அந்த நேரத்திலும் ‘பாசிட்டிவா இரு’ என்று சொல்கிறவர், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை என்று தெரிந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொல்கிறார்.

நான் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். ‘ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்’ என்று மாதம் நாலு தடவை சொல்லி, அஞ்சு நாள் எடுத்துக்கொள்கிற ஜாதி. ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய், நான் சொன்ன நாளையும் எடுத்துக்கொண்ட நாளையும் ஒரு ஃபைலில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் அந்த ஃபைல் என்னைக் கூனிக்குறுக வைத்தது. ஆனால் என் கணிப்பு நேரானதும் அதனால்தான். இந்தப் பழக்கத்தைத்தான் சித்தி மகளிடம் கொண்டுபோனேன். இந்தக் கட்டுரை உண்மையில் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பற்றியது.

*

தங்கச்சி சாத்தூர்ப் பக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தாள். தெரியாதவர்களுக்கு: 200 கேள்வி, 300 மார்க், ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், மூணு மணி நேரம். பாதி தமிழ், பாதி பொது அறிவும் கணக்கும். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். 2019-ல் ஒரு தடவை எழுதியிருந்தாள். ‘ஜஸ்ட் மிஸ்’ என்றுதான் வீட்டில் பேச்சு. எத்தனை கேள்வியில் மிஸ் என்று கேட்டால் சித்திக்கும் தெரியாது, அவளுக்கும் சரியாக நினைவில்லை. ‘ஜஸ்ட்’ மட்டும் நினைவிருந்தது.

அடுத்த குரூப் 4, கொரோனாவெல்லாம் தாண்டி, 2022 ஜூலை 24 அன்று நடந்தது. அதற்கு முன் ஏப்ரலில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு டெஸ்ட் பேட்ச்சில் சேர்ந்து மாதிரித் தேர்வுகள் எழுத ஆரம்பித்திருந்தாள். முதல் தேர்வு எழுதிவிட்டு வந்தவளிடம், விடையைத் திருத்துவதற்கு முன்னால், “எத்தனை சரியா இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஒரு 165 வரும்ணே.”

“சரி, அதை எழுதி வை. இப்ப ஒவ்வொரு கேள்வியா பாரு. இது சரின்னு எவ்வளவு உறுதியா இருக்கேன்னு பக்கத்துல போடு.”

நூற்றுக்கு இத்தனை என்று போடச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் நாலு படி வைத்தோம், பெயர் அவளே வைத்தாள். ‘சத்தியம்’: இருபதில் பத்தொன்பது சரியாக இருக்கும், அதாவது 95 சதவீதம். ‘அநேகமா’: நாலில் மூணு, 75. ‘பாதிப் பாதி’: 50. ‘இங்கி பிங்கி’: நாலு விடையில் கண்ணை மூடிக் கை வைத்தது, 25. ஒவ்வொரு கேள்விக்கும் இதில் ஒரு எழுத்து. இதற்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் விடைப் பட்டியலை எடுக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். விடையைப் பார்த்துவிட்டால், நான் 168-க்குச் செய்ததைத்தான் எல்லாரும் செய்வார்கள்.

அவள் ‘சத்தியம்’ போட்டது 90 கேள்வி. அவள் சொன்ன உறுதிப்படி 85 அல்லது 86 சரியாக இருக்க வேண்டும். இருந்தது 77. ‘அநேகமா’ 50 கேள்வி; 37 அல்லது 38 வர வேண்டிய இடத்தில் 31. ‘பாதிப் பாதி’ 32, 16-க்கு 15. ‘இங்கி பிங்கி’ 28, 7-க்கு 9. மொத்தம் 132.

இங்கே மூணு எண்கள் இருக்கின்றன, கவனியுங்கள். வாய்க்கு வந்தது 165. ஒவ்வொரு கேள்வியாக உறுதியைப் போட்டுக் கூட்டினால் வருவது 146. உண்மை 132. திருத்துவதற்கு முன்பே, எந்தப் புது விவரமும் இல்லாமல், வெறும் கூட்டலாலேயே அவள் கணிப்பு 19 கேள்வி இறங்கிவிட்டது. 165 எங்கிருந்து வந்தது? ‘சத்தியம்’ 90, ‘அநேகமா’ 50, ரெண்டையும் முழுசாகச் சரி என்று எடுத்துக்கொண்டால் 140. மிச்சத்தில் ஒரு 25 வராமலா போகும்? இதுதான் மனக்கணக்கு. ‘அநேகமா சரி’ என்று நினைப்பதைக் கூட்டும்போது ‘சரி’ என்றே கூட்டிவிடுகிறோம். அம்பது தடவை நாலில் ஒன்றை விழுங்கினால் பன்னிரண்டு கேள்வி போய்விடும்.

அப்புறம் 146-க்கும் 132-க்கும் நடுவில் உள்ள மிச்சம். ‘இங்கி பிங்கி’யில் ரெண்டு கூடுதலாக வந்ததைப் பார்த்து, “பாத்தீங்களா, நான் குருட்டாம்போக்குலகூட நல்லாத்தான் அடிக்கிறேன்” என்று சிரித்தாள். அது அதிர்ஷ்டம். 28 கேள்வியைக் கண்ணை மூடி அடித்தால் 7 வரலாம், 5 வரலாம், 9 வரலாம், அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் ‘சத்தியம்’ கதை வேறு. இருபதில் பத்தொன்பது சரி என்று சொல்லிவிட்டு 90 கேள்வி போட்டால், அதிர்ஷ்டத்தால் ரெண்டு மூணு கூடலாம் குறையலாம். எட்டு குறைவது அதிர்ஷ்டம் இல்லை. அது நோய்.

*

‘சத்தியம்’ போட்டும் தப்பான அந்த 13 கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து எழுதினோம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. எல்லாரும் தெரியாததைத்தான் படிக்கப் போகிறார்கள். தெரியாது என்று தெரிந்ததால் ஆபத்து குறைவு, எப்படியும் ஒரு நாள் படித்துவிடுவீர்கள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தப்பை நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

13-ல் 9 தமிழ்ப் பகுதி. அவளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பள்ளிப் புத்தகங்களை அஞ்சாறு தடவை படித்து முடித்த பகுதி. ஒரு கேள்வி: ‘குயில்’ என்னும் இதழை நடத்தியவர் யார்? பாரதியார் என்று போட்டிருந்தாள், பக்கத்தில் ‘சத்தியம்’. விடை பாரதிதாசன். பாரதியார் எழுதியது குயில் பாட்டு. அவளுக்கு ரெண்டும் தெரியும். கேட்டால் குயில் பாட்டு பற்றிப் பத்து நிமிஷம் பேசுவாள். ஆனால் தேர்வில் ‘குயில்’ என்று பார்த்த கணமே ‘பாரதியார்’ வந்து விழுந்துவிட்டது. வேகமாக வந்ததால் அது உறுதி மாதிரி இருந்தது.

மற்ற எட்டும் இதே குடும்பம்தான்: ஒரே மாதிரி தலைப்புள்ள நூல்கள், ஒரே மாதிரி அடைமொழிகள். ‘பாண்டியன் பரிசு’ ஒருவர், ‘பாண்டிமாதேவி’ இன்னொருவர். திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தைப் படிக்கும்போது அந்தப் பக்கம் பழகிப்போகிறது. பழக்கம் வேறு, நினைவு வேறு. தினமும் பார்க்கிற பஸ் கண்டக்டரின் முகம் பழக்கம். பெயர் கேட்டால் தெரியாது. மூளை இந்தப் பழக்கத்தை அறிவு என்று கணக்கு எழுதிவிடுகிறது. அதனால்தான் நிறையப் படித்த பகுதியிலேயே ‘சத்தியம்’ பொய்க்கிறது.

இதைச் சரிசெய்ய ரெண்டு வழி உண்டு. ஒன்று, ‘என் சத்தியம் என்றால் 86 சதவீதம்தான்’ என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொள்வது. கணிப்பு நேராகிவிடும், ஆனால் தப்பு அங்கேயே இருக்கும். இன்னொன்று, ‘சத்தியம்’ போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது: இது தப்பாக இருந்தால், எதனால் தப்பாக இருக்கும்? 1980-ல் கோரியட், லிச்டென்ஸ்டைன், ஃபிஷ்ஹாஃப் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தன் விடைக்கு எதிரான காரணத்தை எழுதச் சொன்னபோது ஆட்களின் உறுதி உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. நாம் தானாகச் செய்வது நேர் எதிர்: விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்குச் சாதகமான காரணத்தைத் தேடுகிறோம். தங்கச்சி இதை ‘எதிர்க்கட்சி’ என்று வைத்துக்கொண்டாள். ‘குயில்னா பாரதியார். எதிர்க்கட்சி என்ன சொல்லும்? அது பாட்டு, இது இதழ்.’ அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு அஞ்சு விநாடி.

*

இந்த இடத்தில் இணையத்தில் திரிகிற ஒரு கூட்டத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. யாராவது தெரியாமல் ஒன்றைச் சொல்லிவிட்டால் ‘டன்னிங் - க்ரூகர்’ என்று ரெண்டு சொல்லை எறிந்துவிட்டுப் போகிறவர்கள். 1999-ல் வந்த ஆய்வு அது. தேர்வில் கடைசிக் கால் பங்கில் வந்தவர்கள், நூறு பேரில் 12-வது இடத்தில், அதாவது அடிமட்டத்தில் இருந்தபடி, தாங்கள் 62-வது இடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். சரி. ஆனால் இதில் ஒரு பங்கு வெறும் எண்கணிதம். எல்லாரும் தன்னைச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே என்று சொன்னாலே போதும், கீழே இருப்பவருக்குப் பெரிய பிசகும் மேலே இருப்பவருக்குச் சிறிய பிசகும் தானாக வந்துவிடும். இதைப் பல புள்ளியியல் விமர்சனங்கள் சுட்டிக்காட்டியிருக்கின்றன. அதைவிட முக்கியம், இந்தச் சொல்லை எறிகிறவர் ஒருவராவது தன்னுடைய கணிப்பையும் தன்னுடைய மார்க்கையும் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறாரா? அடுத்தவனின் அறியாமையைக் கண்டுபிடிப்பதற்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை. அதனால்தான் அது அவ்வளவு பிரபலம்.

எனக்கு அதைவிடப் பயம் தந்த ஆய்வு 2000-ல் வந்தது. டக்ளஸ் ஹேக்கரும் சகாக்களும் ஒரு கல்லூரி வகுப்பில், ஒரு பருவம் முழுக்க, மாணவர்களிடம் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னும் பின்னும் மார்க்கைக் கணிக்கச் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிறவர்களின் கணிப்பு நேராக இருந்தது, தேர்வுக்குத் தேர்வு இன்னும் நேரானது. கடைசியில் இருந்தவர்களின் கணிப்பு எக்கச்சக்கமாக மேலே இருந்தது, அடுத்த தேர்விலும் மாறவில்லை. ஏன்? அவர்களுடைய அடுத்த கணிப்பு போன தேர்வின் மார்க்கைப் பார்த்து வரவில்லை. போன தடவை என்ன கணித்தார்களோ அதைப் பார்த்தே வந்தது. மார்க் வந்தது, போனது. மனசில் இருந்த எண் மட்டும் அப்படியே இருந்தது.

நம் ‘ஜஸ்ட் மிஸ்’ இதுதான். 2019-ல் சித்தி வீட்டில் தங்கிப்போனது மார்க் அல்ல, ‘கிட்டத்தட்ட கிடைச்சிருச்சு’ என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை வைத்துத்தான் அடுத்த முயற்சி முடிவாகிறது. அப்புறம் அதற்கடுத்தது. வயசு முப்பதைத் தொட்ட பிறகும் ‘இந்தத் தடவை கண்டிப்பா’ என்று உட்கார்ந்திருக்கிற எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? அவர்களைச் சோம்பேறி என்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. அவர்கள் உழைக்கிறார்கள். அவர்களுக்குக் கையில் ஒரு அளவுகோல் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு நடத்துகிற அமைப்பும் கொடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2020-ல் டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டத்தைக் கொண்டுவந்தது: ‘விடை தெரியவில்லை’. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அது நம் நேர்மையைக் கேட்கும் வட்டம் அல்ல. வெறுமையாக விட்ட இடத்தைப் பின்னால் யாராவது நிரப்பிவிடாமல் இருக்கப் போட்ட பூட்டு. தப்புக்கு மார்க் குறையாதபோது, ‘தெரியவில்லை’ என்று நேர்மையாகக் கறுப்படிப்பவர் நாலில் ஒரு வாய்ப்பைத் தூக்கி எறிகிறார். விவரம் தெரிந்தவர் யாரும் அதைத் தொட மாட்டார். ஆக, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு வட்டத்தைக் கொடுத்து, சொன்னால் நஷ்டம் என்றும் வைத்திருக்கிறோம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டோனி கார்ட்னர்-மெட்வின் என்ற பேராசிரியர் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு மார்க் முறையைக் கொண்டுவந்தார். விடையோடு உங்கள் உறுதியையும் 1, 2, 3 என்று சொல்ல வேண்டும். 1 என்றால் சரிக்கு ஒரு மார்க், தப்புக்கு ஒன்றும் இல்லை. 2 என்றால் சரிக்கு ரெண்டு, தப்புக்கு ரெண்டு போகும். 3 என்றால் சரிக்கு மூணு, தப்புக்கு ஆறு போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 80 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால்தான் 3 போடுவது லாபம், மூணில் ரெண்டுக்குக் கீழே என்றால் 1 போடுவதே லாபம். இங்கே பீலா விட்டால் அடி விழும், பம்மினாலும் நஷ்டம். உண்மையைச் சொல்வதுதான் அதிக மார்க். ஒரு டாக்டரிடம் எனக்கு வேண்டியதும் அதுதான், தெரியாததைத் தெரியாது என்று தெரிந்து வைத்திருப்பது.

*

ஜூலைக்குள் தங்கச்சி பத்து மாதிரித் தேர்வு எழுதினாள். ரெண்டாவதிலிருந்தே ஒற்றை எண்ணோடு நிற்காமல் ஒரு வரம்பும் எழுதச் சொன்னேன்: ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குள், பத்துக்கு எட்டு தடவை.’ முதலில் மூணு கூட, மூணு குறைய என்று எழுதினாள். கறாராக இருந்தது, கெட்டிக்காரத்தனமாகவும் இருந்தது. ஆனால் அப்படி எழுதிய நாலில் ஒன்றுதான் உள்ளே விழுந்தது. அப்புறம் ஏழு கூட, ஏழு குறைய ஆனது. அந்த அஞ்சில் நாலு உள்ளே. ‘சத்தியம்’ 90 சதவீதத்தில் வந்து நின்றது, ‘அநேகமா’ 65-ல்.

ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை. 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, கையோடு கொண்டுவந்த வினாத்தொகுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எது போட்டோம், எவ்வளவு உறுதி என்று 200-க்கும் எழுதினாள். ‘சத்தியம்’ 104, ‘அநேகமா’ 46, ‘பாதிப் பாதி’ 30, ‘இங்கி பிங்கி’ 20. அவளுடைய சொந்த விகிதங்களால் பெருக்கினால் 94, 30, 15, 5. மொத்தம் 144. நோட்டில் எழுதினாள்: 137 முதல் 151.

சில நாட்களில் உத்தேச விடைகள் வந்தன. சரி பார்த்தாள். 147.

இதில் சொல்லியாக வேண்டிய ஒரு எல்லை உண்டு. 147 என்று தெரிவதால் வேலை கிடைக்குமா என்று தெரியாது. அது மற்ற லட்சக்கணக்கான பேர் என்ன எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது, உங்கள் நோட்டில் அது இருக்காது. பிளஸ் டூ மாதிரி எழுதும் தேர்வில் திருத்துகிறவர் கை வேறு இருக்கிறது, வரம்பை இன்னும் அகலமாக வைக்க வேண்டும். இன்னொன்று: எல்லாக் கேள்விக்கும் ‘இங்கி பிங்கி’ போட்டு, 50 வரும் என்று சொல்லி, 50 வாங்கினால் கணிப்பு அபாரமாக நேராக இருக்கும். உபயோகம் பூஜ்யம். கணிப்பு படிப்புக்கு மாற்று இல்லை. எதைப் படிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும், அவ்வளவே.

ஆனால் அந்த ‘அவ்வளவே’ எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தேர்வின் ரிசல்ட் வந்தது 2023 மார்ச்சில். எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் ‘குரூப் 4 எழுதியிருக்கா, ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றோம்’ என்று சொல்லி எத்தனை வீட்டில் எத்தனை முடிவுகள் தள்ளிப்போயிருக்கும்! வேலைக்குப் போவது, மேலே படிப்பது, கல்யாணம், எல்லாம். தங்கச்சி ஆகஸ்ட் மாதமே போன முறையின் கட்-ஆஃபை எடுத்துப் பார்த்தாள். அது அவள் வரம்பின் மேல் விளிம்புக்கும் மேலே இருந்தது. ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூணாம் நாள் சிவகாசியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கேட்டுப் போனாள். சேர்ந்தாள். ராத்திரி படிப்பதை விடவில்லை, ஆனால் இப்போது படிப்பது 200 கேள்விக்கும் அல்ல, ‘சத்தியம்’ பொய்த்த பட்டியலுக்கு. மார்ச்சில் ரிசல்ட் வந்த அன்றைக்கு ஆபீஸில் வருஷக் கடைசி வேலை. சாயங்காலம் பஸ்ஸில்தான் பார்த்தாளாம். “நம்மகிட்ட இருந்ததுதான்ணே” என்றாள் போனில்.

*

கணிப்பை இப்படி வெட்டவெளிச்சமாக்கினால் பிள்ளைகள் மனசு உடைந்துபோகும் என்பார்கள். எனக்குத் தெரிந்து மனசு உடைவது குறைந்த மார்க்கால் மட்டும் அல்ல. 165 என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 132 வந்து விழுவதால். 132-ஐ 132 என்று முன்னாடியே தெரிந்தவளுக்கு அது ஒரு எண். வருத்தமான எண், ஆனால் எண்.

ஜூலை 24 அன்று சாயங்காலம் நான் போனில் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை உள்ளே வந்தார். “எப்படி எழுதியிருக்கே?” என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது. ‘ஏதோ’ வரும் என்று காத்திருந்தேன்.

“144 அத்தை. ஏழு கூடலாம், ஏழு குறையலாம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அத்தை சித்தியிடம் சொன்னார், “என்ன இவ, இப்படிக் கணக்கா சொல்றா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லு, கண்ணு பட்டுறப் போகுது.”